குழுப் பயணச் செலவைத் தீர்த்தல்: யார் யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்பதை SUMPRODUCT கொண்டு கண்டறிய ஒரு முழுமையான வழிகாட்டி

ஐந்து பேர் சேர்ந்து போன பயணத்தின் மொத்தச் செலவை ஐந்தால் வகுத்துவிட்டால் கணக்கு முடிந்தது என்று தோன்றும். எல்லோரும் எல்லாவற்றையும் சமமாகப் பயன்படுத்தியிருந்தால்தான் அது சரி. ஒருவர் ஒரு நாள் தாமதமாக வந்து சேர்ந்திருப்பார், இருவர் சைவம் சாப்பிட்டிருப்பார்கள், ஒருவர் படகில் ஏறாமல் கரையிலேயே இருந்திருப்பார், இன்னொருவர் வீட்டுக்கென்று மூன்று பொட்டலம் சாக்லேட் வாங்கியிருப்பார். இவற்றைத் தனித்தனியே கவனிக்காமல் வகுத்தால், குறைவாகப் பயன்படுத்தியவர் மற்றவர்களுடைய செலவையும் சுமக்க நேரும். பணம் கேட்கக் கூச்சப்படுபவரும் தாமதமாக வந்தவரும்தான் பெரும்பாலும் அப்படிச் சுமப்பவர்கள். அதனாலேயே இந்தக் கணக்கைச் சரியாகப் போட வேண்டும் என்று நான் வலியுறுத்துகிறேன். எக்செல், கூகுள் ஷீட்ஸ் ஆகிய இரண்டிலும் இயங்கும் SUMPRODUCT என்ற ஒரே சூத்திரத்தை வைத்து இதை முடித்துவிடலாம்.

கொடைக்கானலுக்கு மதுரையிலிருந்து வேனில் சென்ற ஐவரின் கணக்கை முழுவதுமாகப் போட்டுப் பார்ப்போம். அவர்களுக்கு அருண், பாலா, சித்ரா, தேவி, எழில் என்று பெயர் வைத்துக்கொள்வோம். தொகைகளும் கணக்கைக் காட்டுவதற்காக எடுத்துக்கொண்டவையே. நால்வர் முதல் நாள் காலையிலேயே வேனில் கிளம்பினார்கள். எழில் மறுநாள் தன் செலவில் பேருந்தில் வந்து சேர்ந்து, ஓர் இரவு தங்கி, திரும்பும்போது மட்டும் வேனில் வந்தார்.

## படி 1: தாளை அமைத்தல்

A நெடுவரிசையில் செலவின் பெயர், B-யில் தொகை, C-யில் அந்தப் பணத்தைக் கையிலிருந்து கொடுத்தவர் பெயர் ஆகியவற்றை எழுதுங்கள். D முதல் H வரை ஆளுக்கொரு நெடுவரிசை ஒதுக்கி, முதல் வரிசையில் அவரவர் பெயரைத் தலைப்பாக இடுங்கள். I நெடுவரிசை பங்குகளின் கூட்டுத்தொகைக்கு உரியது.

| A செலவு | B தொகை | C கொடுத்தவர் | D அருண் | E பாலா | F சித்ரா | G தேவி | H எழில் | I கூடுதல் |
|---|---|---|---|---|---|---|---|---|
| வேன் | 9000 | அருண் | 2 | 2 | 2 | 2 | 1 | 9 |
| அறை | 7200 | சித்ரா | 2 | 2 | 2 | 2 | 1 | 9 |
| அசைவச் சாப்பாடு | 1575 | பாலா | 1 | 1 | | | 1 | 3 |
| சைவச் சாப்பாடு | 504 | பாலா | | | 1 | 1 | | 2 |
| படகு | 800 | தேவி | 1 | 1 | 1 | | 1 | 4 |
| சாக்லேட் | 1400 | தேவி | 1 | 2 | 3 | 1 | | 7 |
| காலை உணவு | 620 | அருண் | 1 | 1 | 1 | 1 | | 4 |
| டீ, பஜ்ஜி | 370 | எழில் | | 1 | 1 | | 1 | 3 |

தலைப்பு முதல் வரிசையில் இருப்பதால் செலவுகள் 2 முதல் 9 வரையான வரிசைகளில் அமையும். I2 கட்டத்தில் கீழ்க்கண்ட சூத்திரத்தை எழுதி, அதை I9 வரை இழுத்துவிடுங்கள்.

```
=SUM(D2:H2)
```

இந்த அட்டவணையில் இரண்டு செய்திகளை ஒன்றோடொன்று கலக்காமல் வைத்திருக்கிறோம். யார் கொடுத்தார் என்பது C-யில் இருக்கிறது. யார் பயன்படுத்தினார் என்பது D முதல் H வரை இருக்கிறது. படகு வரிசையைப் பாருங்கள். கட்டணத்தைக் கொடுத்தவர் தேவி, ஆனால் அவர் படகில் ஏறவில்லை. அதனால் அவருடைய கட்டம் காலியாக இருக்கிறது. கொடுத்தவருக்கும் ஒரு பங்கு இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை.

## படி 2: பங்கு எண்களைத் தீர்மானித்தல்

D முதல் H வரை எழுதும் எண்கள் ரூபாயைக் குறிப்பவை அல்ல, விகிதத்தைக் குறிப்பவை. ஒரு செலவில் கலந்துகொண்டவர்கள் எல்லோரும் சமம் என்றால் ஆளுக்கு 1 போதும். அளவு வேறுபட்டால் அந்த அளவையே எழுதலாம்: சாக்லேட்டில் பாலாவுக்கு 2 பொட்டலம், சித்ராவுக்கு 3 பொட்டலம் என்பதால் அவர்கள் கட்டங்களில் 2, 3 என்றே இருக்கின்றன. குழந்தைகளோடு போகும் குடும்பங்கள் சாப்பாட்டில் குழந்தைக்கு 0.5 என்று எழுதுவதும் இதே முறைதான்.

உணவகப் பில்லில் ஒரு சிறு வேலை இருக்கிறது. பில்லில் அசைவம் 1500 ரூபாய், சைவம் 480 ரூபாய், இரண்டின் மீதும் சேர்த்து 5 சதவீதம் ஜி.எஸ்.டி. 99 ரூபாய், ஆக 2079 ரூபாய் என்று இருந்தது. வரியைத் தனி வரிசையாக்கி ஐவருக்கும் சமமாகப் பிரித்தால், குறைந்த விலையில் சாப்பிட்டவர் மற்றவரின் வரியில் ஒரு பகுதியைச் சுமப்பார். அதற்குப் பதிலாக, உண்மையில் கொடுத்த தொகையை வரிக்கு முந்தைய தொகையால் வகுத்து, அந்த மடங்கால் இரண்டு பகுதிகளையும் பெருக்கிவிட வேண்டும். தொகைக் கட்டத்திலேயே அதைச் சூத்திரமாக எழுதிவிட்டால், 1575 எங்கிருந்து வந்தது என்று பிறகு யாரும் கேட்க வேண்டியிருக்காது.

```
=1500*2079/1980
=480*2079/1980
```

தள்ளுபடி கிடைத்திருந்தாலும், சேவைக் கட்டணம் சேர்த்திருந்தாலும் இதே வழி பொருந்தும். கீழே இருப்பது வரிக்கு முந்தைய தொகை, மேலே இருப்பது கையிலிருந்து போன தொகை. இடையில் என்ன கூடினாலும் குறைந்தாலும் அது அவரவர் சாப்பிட்ட விகிதத்திலேயே பிரியும்.

அறை வாடகையில்தான் உண்மையான முடிவெடுப்பு தேவைப்படுகிறது. இரண்டு அறைகள், இரண்டு இரவுகள், ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 1800 ரூபாய் என்று 7200 ரூபாய் ஆயிற்று. எழில் ஓர் இரவு மட்டுமே தங்கியதால் 2, 2, 2, 2, 1 என்று எழுதினோம். அதன்படி எழிலுக்கு 800 ரூபாயும் மற்றவர்களுக்கு ஆளுக்கு 1600 ரூபாயும் வரும். ஆனால் ஒவ்வோர் இரவையும் தனி வரிசையாக எழுதியிருந்தால் முதல் இரவின் 3600 ரூபாயை நால்வரும், இரண்டாம் இரவின் 3600 ரூபாயை ஐவரும் பிரித்துக்கொள்வார்கள். அப்போது எழிலுக்கு 720 ரூபாயும் மற்றவர்களுக்கு 1620 ரூபாயும் வரும். இரண்டுமே நியாயமான கணக்குகள்தாம், ஆனால் இரண்டும் ஒன்றல்ல. முதல் முறை, ஒருவர் ஓர் இரவு தங்குவதற்கு எந்த இரவானாலும் ஒரே விலை என்று எடுத்துக்கொள்கிறது. இரண்டாவது முறை, அந்தந்த இரவில் இருந்தவர்கள் அந்தந்த இரவின் வாடகையை ஏற்க வேண்டும் என்கிறது. எழில் வருவார் என்று முன்பே தெரிந்து ஐவருக்காகவே இரண்டு அறைகள் எடுத்ததால், நான் இங்கே முதல் முறையைத் தேர்ந்தேன். வேனுக்கும் இதே காரணத்தால் போகவும் வரவும் 2, வர மட்டும் 1 என்று வைத்தேன். எந்த முறை என்பதைப் பணம் கேட்பதற்கு முன்பே குழுவில் சொல்லிவிடுவது நல்லது. தொகை தெரிந்த பிறகு முறையை மாற்றினால் யாரோ ஒருவருக்குச் சாதகமாக மாற்றியதாகவே தோன்றும்.

## படி 3: ஒவ்வொருவரின் பங்கு

A11 கட்டத்தில் 'பங்கு' என்று எழுதி, D11 கட்டத்தில் இந்தச் சூத்திரத்தை இடுங்கள்.

```
=SUMPRODUCT($B$2:$B$9*D$2:D$9/$I$2:$I$9)
```

இதை H11 வரை வலப்பக்கம் இழுத்தால் ஐவரின் பங்கும் வந்துவிடும். B-க்கும் I-க்கும் முன்னால் டாலர் குறி இருப்பதால், இழுக்கும்போது அவை நகராமல் நிற்கும். D-க்கு முன்னால் குறி இல்லாததால் அது மட்டும் E, F, G, H என்று மாறிக்கொண்டே போகும்.

SUMPRODUCT இங்கே என்ன செய்கிறது என்பதை எழிலின் நெடுவரிசையில் பார்த்தால் தெளிவாகும். ஒவ்வொரு வரிசையிலும் தொகையை அவருடைய பங்கு எண்ணால் பெருக்கி, அந்த வரிசையின் பங்குக் கூடுதலால் வகுக்கிறது. வேனில் 9000 × 1 ÷ 9 என்பது 1000, அறையில் 7200 × 1 ÷ 9 என்பது 800, அசைவத்தில் 1575 × 1 ÷ 3 என்பது 525, படகில் 200, டீ, பஜ்ஜியில் 123.33. காலியாக உள்ள கட்டங்களைச் சுழியமாக எடுத்துக்கொள்வதால் சைவச் சாப்பாடும் சாக்லேட்டும் காலை உணவும் எதையும் கூட்டுவதில்லை. எட்டு வரிசைகளின் விடைகளையும் கூட்டி 2648.33 என்று ஒரே எண்ணாகத் தருகிறது. இந்த ஒரு சூத்திரம் இல்லையென்றால், ஆளுக்கு எட்டுக் கட்டங்கள் வீதம் நாற்பது இடைக்கணக்குகள் எழுதிக் கூட்ட வேண்டியிருக்கும்.

இழுத்து முடித்ததும் அருணுக்கு 4680, பாலாவுக்கு 5003.33, சித்ராவுக்கு 4930.33, தேவிக்கு 4207, எழிலுக்கு 2648.33 என்று வரும். மொத்தச் செலவு 21469 ரூபாய். அதைச் சமமாக வகுத்திருந்தால் ஆளுக்கு 4293.80 ரூபாய் ஆகியிருக்கும். எழில் தன் பங்கைவிட 1645 ரூபாய்க்கும் மேல் கூடுதலாகக் கொடுத்திருப்பார், பாலா தன் பங்கில் 709 ரூபாய்க்கும் மேல் மற்றவர்கள் தலையில் வைத்திருப்பார்.

SUMPRODUCT சூத்திரத்தில் நெடுவரிசைகளைக் காற்புள்ளியால் பிரித்து எழுதும் வழக்கமும் உண்டு. நான் அதைத் தவிர்த்துப் பெருக்கல் குறியை இட்டதற்கு ஒரு காரணம் இருக்கிறது. காற்புள்ளி இட்டால், தொகைக் கட்டத்தில் யாராவது 'ரூ.800' என்று எழுத்தோடு சேர்த்து எழுதியிருக்கும்போது அந்தக் கட்டத்தைச் சத்தமில்லாமல் சுழியமாக எண்ணிவிடும். பெருக்கல் குறி இட்டால் #VALUE! என்ற பிழை உடனே தோன்றும். பணக் கணக்கில் ஓசையின்றி விட்டுப்போகும் தவறைவிட, கணக்கையே நிறுத்திவிடும் பிழை எவ்வளவோ மேல்.

## படி 4: கொடுத்ததும் நிலுவையும்

A12-இல் 'கொடுத்தது' என்று எழுதி, D12-இல் கீழ்க்கண்டதை இட்டு வலப்பக்கம் இழுங்கள்.

```
=SUMPRODUCT(($C$2:$C$9=D$1)*$B$2:$B$9)
```

C நெடுவரிசையில் உள்ள பெயர் மேலே உள்ள தலைப்போடு ஒத்துப்போகும் வரிசைகளில் 1 என்றும், மற்ற வரிசைகளில் 0 என்றும் எடுத்துக்கொண்டு, அதைத் தொகையால் பெருக்கிக் கூட்டுகிறது. இதையே SUMIF கொண்டும் செய்யலாம்; ஆனால் எழுத்து கலந்த தொகையை SUMIF-உம் பேசாமல் விட்டுவிடும். பங்கிலும் காற்புள்ளி, கொடுத்ததில் SUMIF என்று இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்தினால், அந்த 800 ரூபாய் இரு பக்கமும் ஒரே சமயத்தில் காணாமல் போகும். கணக்கு நேராக நிற்பதுபோலவே தெரியும், தேவி மட்டும் தான் கொடுத்த பணத்தை இழந்திருப்பார்.

அடுத்து A13-இல் 'நிலுவை' என்று எழுதி, D13-இல் கொடுத்ததிலிருந்து பங்கைக் கழித்து, இழுத்துவிடுங்கள்.

```
=D12-D11
```

அருண் 9620 கொடுத்திருக்கிறார், பங்கு 4680. ஆகவே அவருக்கு வர வேண்டியது 4940. சித்ரா 7200 கொடுத்திருக்கிறார், அவருக்கு வர வேண்டியது 2269.67. பாலா கொடுத்தது 2079 மட்டும், அவர் தர வேண்டியது 2924.33. தேவி 2200 கொடுத்திருக்கிறார், தர வேண்டியது 2007. எழில் 370 கொடுத்திருக்கிறார், தர வேண்டியது 2278.33. கூட்டல் எண் வந்தால் பெற வேண்டியவர், கழித்தல் எண் வந்தால் தர வேண்டியவர்.

இனி I13 கட்டத்தில் நிலுவைகளின் கூட்டுத்தொகையைப் போட்டுப் பாருங்கள். அது சுழியமாக இருக்க வேண்டும்.

```
=ROUND(SUM(D13:H13),2)
```

## படி 5: சுழியம் வராதபோது

இந்த ஒரு கட்டம் காட்டும் எண்ணே பெரும்பாலும் தவறு இருக்கும் இடத்தையும் சொல்லிவிடும். -620 என்று வந்தால், 620 ரூபாய் உள்ள வரிசைக்குப் போங்கள். அங்கே கொடுத்தவர் பெயர் விடுபட்டிருக்கும், அல்லது 'அருண்' என்ற பெயருக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி சேர்ந்திருக்கும். பங்கு எல்லோருக்கும் ஏறிவிட்டது, ஆனால் கொடுத்தவர் கணக்கில் அந்தத் தொகை சேரவில்லை என்பதே அதன் பொருள். C நெடுவரிசையில் பெயரைத் தட்டச்சு செய்யவிடாமல், D1 முதல் H1 வரை உள்ள தலைப்புகளிலிருந்து தேர்ந்தெடுக்கும் பட்டியலாக அமைத்துவிட்டால் இந்தத் தொல்லையே வராது. எக்செலில் Data Validation என்ற பகுதியில் List என்பதைத் தேர்ந்து, மூலமாக =$D$1:$H$1 என்று கொடுக்க வேண்டும்.

800-இல் மூன்றில் ஒரு பங்கான 266.67 போன்ற எண் கழித்தலாக வந்தால் காரணம் வேறு. ஏதோ ஒரு பங்குக் கட்டத்தில் உள்ள 1, எண்ணாக இல்லாமல் எழுத்தாகப் பதிவாகியிருக்கிறது. வேறு இடத்திலிருந்து ஒட்டும்போதும், முன்னால் மேற்கோள் குறி இட்டு எழுதும்போதும் இப்படி ஆகும். படகு வரிசையில் சித்ராவின் 1 எழுத்தாக இருந்தால், I6-இல் உள்ள SUM அதை எண்ணாமல் 3 என்று காட்டும்; ஆனால் SUMPRODUCT-க்குள் நடக்கும் பெருக்கல் அதை எண்ணாக மாற்றிக்கொள்ளும். நால்வருக்கும் ஆளுக்கு 266.67 விதிக்கப்பட்டு, 800 ரூபாய்ச் செலவுக்கு 1066.67 வசூலாகிவிடும். இத்தகைய கட்டங்களில் உள்ள எண், நீங்கள் சீரமைப்பை மாற்றாதவரை, இடப்பக்கம் ஒட்டி நிற்கும். மற்ற எண்கள் வலப்பக்கம் நிற்கும். கண்ணால் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம்.

#DIV/0! என்று வந்தால், ஏதோ ஒரு வரிசையில் பங்குக் கூடுதல் சுழியமாக இருக்கிறது. தொகையை எழுதிவிட்டு யார் யார் பகிர்ந்தார்கள் என்று எழுத மறந்திருப்பீர்கள், அல்லது இடையில் ஒரு வெற்று வரிசையை விட்டிருப்பீர்கள். IFERROR போட்டு இந்தப் பிழையை மறைக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. இங்கே அதைச் செய்யாதீர்கள். யாருக்கும் ஒதுக்கப்படாத செலவு ஒன்று இருக்கும்போது கணக்கு நின்றுபோவதுதான் நமக்குத் தேவை.

சுழியம் வந்துவிட்டால் எல்லாம் சரி என்று பொருளல்ல என்பதையும் சொல்ல வேண்டும். 1400 ரூபாயை 1040 என்று எழுதியிருந்தாலும், தேவி கொடுத்ததை எழில் கொடுத்ததாகத் தேர்ந்திருந்தாலும், படகில் ஏறாதவருக்கு 1 போட்டிருந்தாலும் கூட்டுத்தொகை சுழியமாகவே நிற்கும். அத்தவறுகளை ஆட்கள்தான் கண்டுபிடிக்க முடியும். தாளைக் குழுவில் பகிர்ந்து, அவரவர் தம் நெடுவரிசையை மேலிருந்து கீழாகவும், தாம் பணம் கொடுத்த வரிசைகளில் தொகையையும் ஒருமுறை படித்துப் பார்க்கும்படி கேளுங்கள்.

## படி 6: பைசாவைக் களைதல்

யாரும் 33 பைசாவை அனுப்பப் போவதில்லை. ஆனால் எந்த இடத்தில் முழு ரூபாயாக்குகிறோம் என்பது முக்கியம். ஒவ்வொரு செலவிலும் தனித்தனியே முழுமையாக்கினால் சிறு பிழைகள் சேர்ந்துகொண்டே போகும். ஆகவே நிலுவை வரை பின்னத்தை அப்படியே விட்டு, கடைசியில் மட்டும் D14-இல் முழுமையாக்க வேண்டும்.

```
=ROUND(D13,0)
```

இப்போது அருணுக்கும் சித்ராவுக்கும் வர வேண்டியவை 4940, 2270, கூட்டினால் 7210. பாலா, தேவி, எழில் தர வேண்டியவை 2924, 2007, 2278, கூட்டினால் 7209. ஒரு ரூபாய் இடிக்கிறது. ROUND ஒவ்வொரு கட்டத்தையும் தனியாகப் பார்ப்பதால் இப்படி ஆவது இயல்பு. இங்கே சித்ராவின் 2269.67 தான் மேல்நோக்கிப் போனது, ஆகவே அவருக்கு 2269 என்று கையால் மாற்றிவிடுவதே எளிது. அந்த 67 பைசாவை அவரிடம் சொல்லிவிட்டு மாற்றுங்கள்.

## படி 7: யார் யாருக்கு அனுப்புவது

நிலுவை கிடைத்த பிறகு, யாருடைய படகுக் கட்டணத்தை யார் கொடுத்தார் என்பதையெல்லாம் மறந்துவிடலாம். ஒவ்வொரு செலவையும் தனித்தனியே தீர்க்க முயன்றால், ஐவருக்குள் பத்து ஜோடிகளுக்கிடையே பணம் போய் வந்துகொண்டிருக்கும். நிலுவையை மட்டும் வைத்துத் தீர்த்தால், ஐவருக்கு அதிகபட்சம் நான்கே பரிமாற்றங்கள் போதும்; ஏனென்றால் ஒவ்வொரு பரிமாற்றத்திலும் குறைந்தது ஒருவருடைய கணக்கு தீர்ந்துவிடும், கடைசிப் பரிமாற்றத்தில் இருவர் கணக்கும் சேர்ந்து தீரும்.

தாளின் கீழ்ப்பகுதியில் ஒரு சிறு கட்டம் அமைப்போம். D19, E19-இல் பெற வேண்டியவர்களின் பெயர்கள், அவற்றின் கீழே D20, E20-இல் அவர்களுக்கு வர வேண்டிய தொகைகள். A22 முதல் A24 வரை தர வேண்டியவர்களின் பெயர்கள், B22 முதல் B24 வரை அவர்கள் தர வேண்டிய தொகைகள், கழித்தல் குறி இல்லாமல். 21-ஆம் வரிசையையும் C நெடுவரிசையின் இந்தப் பகுதியையும் காலியாக விடுங்கள்; சூத்திரம் அங்கிருந்துதான் கூட்டத் தொடங்குகிறது. D22-இல் எழுதி, E24 வரை இழுக்க வேண்டியது இதுதான்.

```
=MIN($B22-SUM($C22:C22),D$20-SUM(D$21:D21))
```

முதல் பகுதி, தர வேண்டியவரிடம் இடப்பக்கத்தில் உள்ளவர்களுக்குக் கொடுத்தது போக இன்னும் எவ்வளவு மீதி என்று பார்க்கிறது. இரண்டாம் பகுதி, பெற வேண்டியவருக்கு மேலே உள்ளவர்கள் கொடுத்தது போக இன்னும் எவ்வளவு வர வேண்டும் என்று பார்க்கிறது. இரண்டில் சிறியதே அந்தப் பரிமாற்றத்தின் தொகை.

அருண், சித்ரா என்ற வரிசையிலும், பாலா, எழில், தேவி என்ற வரிசையிலும் எழுதினால் விடை இப்படி வரும்: பாலா அருணுக்கு 2924, எழில் அருணுக்கு 2016, எழில் சித்ராவுக்கு 262, தேவி சித்ராவுக்கு 2007. நான்கு பரிமாற்றங்கள், கணக்கு தீர்ந்தது.

இப்போது எழிலையும் தேவியையும் இடம் மாற்றி எழுதிப் பாருங்கள். பாலா அருணுக்கு 2924, தேவி அருணுக்கு 2007, எழில் அருணுக்கு 9, எழில் சித்ராவுக்கு 2269 என்று மாறும். இதுவும் நான்குதான், ஆனால் அதில் ஒன்று வெறும் 9 ரூபாய். அந்த 9 ரூபாயை விட்டுவிட அருண் சம்மதித்தால் மூன்றே பரிமாற்றங்களில் முடிந்துவிடும். ஆளுக்கு ஒரே ஒரு முறை அனுப்பினால் போதும். பெயர்களின் வரிசையை மாற்றினால் தீர்க்கும் வழி மாறும் என்பதால், ஓரிரு முறை மாற்றிப் பார்ப்பது பயனுள்ளது. இந்தச் சூத்திரம் எல்லாச் சமயத்திலும் மிகக் குறைந்த எண்ணிக்கையைக் கண்டுபிடித்துத் தரும் என்று உறுதி சொல்ல முடியாது. ஆட்கள் கூடக்கூட அந்தக் குறைந்தபட்சத்தைக் கண்டுபிடிப்பது கணினிக்கே கடினமான கணக்கு. ஒருவர் தர வேண்டியதும் இன்னொருவர் பெற வேண்டியதும் ஒரே தொகையாக இருந்தால், அவர்களை முதலில் ஜோடி சேர்த்து ஒதுக்கிவிடுங்கள்; நண்பர்கள் குழுவுக்கு அது போதுமானது.

## முன்பணம், திரும்பி வந்த பணம், பிறகு தெரியவந்த செலவு

பயணத்துக்கு முன்பே பாலா 1000 ரூபாயை அருணிடம் முன்பணமாகக் கொடுத்திருந்தால் அதை எங்கே எழுதுவது? அதுவும் ஒரு வரிசைதான். தொகை 1000, கொடுத்தவர் பாலா, பங்கு எண் 1 அருணின் கட்டத்தில் மட்டும். பாலா கொடுத்ததில் 1000 கூடும், அருணின் பங்கில் 1000 கூடும்; மற்ற மூவருக்கும் எதுவும் மாறாது. ஒருவர் இன்னொருவருக்குப் பணம் தந்ததை, பெற்றவர் ஒருவர் மட்டுமே பயன்படுத்திய செலவு என்று தாள் புரிந்துகொள்கிறது. இத்தகைய வரிசைகளைச் சேர்த்த பிறகு B-யின் கூட்டுத்தொகையைப் பயணச் செலவு என்று யாரிடமும் சொல்லிவிடாதீர்கள், அதில் கைமாறிய பணமும் கலந்திருக்கும்.

விடுதியில் கட்டிய வைப்புத்தொகை திரும்பி வந்தால், கட்டியபோது எழுதிய அதே பங்கு எண்களோடு, தொகையைக் கழித்தல் குறியிட்டு, பணம் யார் கைக்கு வந்ததோ அவர் பெயரைக் கொடுத்தவர் இடத்தில் எழுதுங்கள்.

புதிய வரிசையை எப்போதும் 9-ஆம் வரிசைக்கு மேலே செருக வேண்டும். 2-க்கும் 9-க்கும் நடுவில் செருகினால் எல்லாச் சூத்திரங்களும் தாமாகவே விரிந்துகொள்ளும். 9-க்குக் கீழே எழுதினால் புதிய செலவு கணக்கில் சேராது, I13-உம் சுழியம் என்றே காட்டிக்கொண்டிருக்கும். செருகிய வரிசையில் I நெடுவரிசைச் சூத்திரத்தை மறக்காமல் இழுத்துவிடுங்கள்.

தீர்வுப் பணம் கைமாறும்போதும் இதே முறையில் ஒவ்வொன்றையும் வரிசையாக எழுதிவிடுங்கள்: பாலா அருணுக்கு 2924, தேவி அருணுக்கு 2007, எழில் சித்ராவுக்கு 2269, அருண் விட்டுக்கொடுத்த 9-ஐ எழில் அருணுக்குத் தந்ததாக. எழுத எழுத நிலுவை வரிசையில் உள்ள எண்கள் சுருங்கி, முடிவில் பைசா அளவில் வந்து நிற்கும். யார் இன்னும் அனுப்பவில்லை என்று யாரையும் கேட்காமலே தெரிந்துகொள்ளலாம். ஒரு வாரம் கழித்து, வண்டி நிறுத்தக் கட்டணம் 150 ரூபாயைத் தான் கொடுத்ததாக அருணுக்கு நினைவு வந்தால், பழைய கணக்கைத் தொட வேண்டியதில்லை. ஐவருக்கும் 1 போட்டு ஒரு வரிசையைச் செருகினால், ஏற்கனவே தீர்ந்தவை தீர்ந்தபடியே இருக்க, அருணின் கட்டத்தில் 120 என்றும் மற்ற நால்வர் கட்டங்களில் ஏறக்குறைய கழித்தல் 30 என்றும் புதிய நிலுவை மட்டும் தோன்றும்.